சுவருக்குப் பின்னால் இருந்தும் அடிபட்டது ஏன்: ஒரு கவர் அமைப்பின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மூன்றாம் நபர் பார்வையில் ஆடும் ஒரு துப்பாக்கி விளையாட்டை ஆறு பேர் கொண்ட குழுவாக அன்ரியல் எஞ்சின் 5-இல் செய்துகொண்டிருந்தோம். எதிரிகளின் நடத்தைக்கு நான் பொறுப்பு. கவரில், அதாவது தோட்டா படாமல் மறைந்துகொள்ளும் சுவர், தடுப்பு போன்றவற்றில் ஒட்டுவது, எட்டிப் பார்ப்பது, வெளியே வருவது ஆகியவற்றை இன்னொரு ப்ரோக்ராமர் கவனித்தார். லெவலை அமைக்க ஒருவரும் அனிமேஷனுக்கு ஒருவரும் இருந்தார்கள். யாருடைய பெயரும் இங்கே இல்லை. அளவுகளும் முடிவுகளும் நடந்தபடியே உள்ளன.

முதலில் செய்து முடித்த லெவல் ஒரு துறைமுகக் கன்டெய்னர் முற்றம். 100 செ.மீ. உயரக் கான்கிரீட் தடுப்புகள், கன்டெய்னர் மூலைகள், நடுவில் 260 செ.மீ. உயரத்தில் ஒரு இரும்பு மேடை. ஆட்டக்காரர் ஒரு பொத்தானை அழுத்தினால் பாத்திரம் குனிந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும், இன்னொன்றை அழுத்தினால் எட்டிப் பார்த்துச் சுடும். 2003-இல் வந்த கில்.ஸ்விட்ச் இதைத் தன் ஆட்டத்தின் மையமாக வைத்தது. 2006-இல் கியர்ஸ் ஆஃப் வார் அதைப் பரவலாக்கியது. அதற்குப் பிறகு வளர்ந்த ஆட்டக்காரர்களுக்கு இந்தப் பழக்கம் கையிலேயே ஊறியிருக்கிறது. அதனால் கவர் என்றால் என்ன என்று நாங்கள் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. அவர்கள் ஏற்கெனவே எதிர்பார்ப்பதை மீறாமல் இருந்தால் போதும் என்று நினைத்தோம்.

தொடக்கத்தில் எங்களிடம் இருந்த விதி மிக எளியது. எதிரியின் துப்பாக்கி முனையிலிருந்து ஒரு கதிர் புறப்படும். சுவரில் பட்டால் சுவருக்கு, உடம்பில் பட்டால் உடம்புக்கு. கவரில் இருப்பதற்கென்று தனிப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. வடிவவியலே தீர்ப்பு சொல்லட்டும் என்று விட்டிருந்தோம். நேர்மையான விதியாகத்தான் அது தோன்றியது.

எதிரெதிரான இரண்டு புகார்கள்

வெளியாட்களை உட்காரவைத்து ஆடச்சொன்ன முதல் நாளிலேயே இரண்டு புகார்கள் வந்தன. "சுவத்துக்குப் பின்னாலதான் உக்காந்திருக்கேன், எங்கேருந்துங்க அடிக்கிறான்?" என்று பலர் கேட்டார்கள். ஒருவர் கட்டுப்பாட்டுக் கருவியை மேசையில் வைத்துவிட்டுத் திரையில் சுவரைத் தொட்டுக் காட்டினார்.

இரண்டாவது புகாரை அவர்கள் வாயால் சொல்லவில்லை, செய்து காட்டினார்கள். கிழக்குப் பக்கம் இரண்டு கன்டெய்னர்கள் சேரும் ஒரு மூலைக்குள் போய் உட்கார்ந்துவிட்டால் சண்டை முடியும்வரை அங்கிருந்து எழவேண்டிய தேவையே இருக்கவில்லை. எதிரிகள் எதிரே நின்று கன்டெய்னரைச் சுட்டுக்கொண்டே இருந்தார்கள். ஆட்டக்காரர்கள் எட்டிப் பார்த்து ஒவ்வொருவராக வீழ்த்தினார்கள்.

ஓரிடத்தில் கவர் காப்பதே இல்லை, இன்னோரிடத்தில் அளவுக்கு மீறிக் காக்கிறது. இவை இரண்டு தனித்தனிப் பிழைகள் என்று எடுத்துக்கொண்டோம். ஆளுக்கொன்றாகப் பிரித்தும் கொண்டோம். அது தவறு என்று புரிய இரண்டு வாரம் ஆயிற்று.

அடிகளைப் பதிவு செய்தோம்

காணொளியைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று முதலில் நினைத்தோம். தெரியவில்லை. காரணம் கேமரா. மூன்றாம் நபர் பார்வையில் கேமரா பாத்திரத்தின் தோளுக்குப் பின்னால், சற்று மேலே இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் சுவர் உடம்பை முழுதாக மறைப்பதுபோல்தான் படும். எதிரியோ எதிர்ப்பக்கம், வேறு உயரத்திலிருந்து பார்க்கிறான். ஆட்டக்காரர் காணும் மறைப்பும் தோட்டா காணும் மறைப்பும் ஒன்றல்ல. முதல் நபர் பார்வையில் கண்ணும் உடம்பும் ஓரிடத்தில் இருப்பதால் இந்த விலகல் இவ்வளவு தெரியாது. மூன்றாம் நபரில் இது எப்போதும் கூடவே வரும்.

ஆகவே கவர் நிலையில் இருக்கும்போது பட்ட ஒவ்வொரு அடிக்கும் நான்கு விஷயங்களைக் கோப்பில் எழுதவைத்தோம்: துப்பாக்கி முனை இருந்த இடம், பட்ட உடல் உறுப்பு, அந்தக் கணத்தில் ஓடிய அனிமேஷன், சுவர் பார்க்கும் திசைக்கும் தோட்டா வந்த திசைக்கும் இடைப்பட்ட கோணம். அந்த இடத்திலேயே திரையில் ஒரு சிவப்புக் கோடும் வரையவைத்தோம். அடுத்த சோதனை நாளில் ஆட்டக்காரர் புகார் சொன்ன நொடியில் ஆட்டத்தை நிறுத்தி, கேமராவைப் பிரித்து எடுத்து, கோட்டின் வழியே நடந்துபோய்ப் பார்த்தோம்.

அடிகள் மூன்று வகையாகப் பிரிந்தன. பெரும்பாலானவை தலையில் பட்டவை. இரண்டாவது வகை தோளில், சுவரின் முனைக்கு அருகில் உட்கார்ந்திருந்தபோது பக்கவாட்டிலிருந்து வந்தவை. மூன்றாவது வகை எட்டிப் பார்க்கத் தொடங்கும்போதோ திரும்ப உள்ளே வரும்போதோ பட்டவை.

சுவரும் தலையும்: ஒரு கணக்கு

தலையில் பட்ட அடிகளை மட்டும் இங்கே விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் மற்ற இரண்டும் இதே தர்க்கத்தில்தான் வருகின்றன.

சுவர் 100 செ.மீ. உயரம். குனிந்த பாத்திரத்தின் உச்சந்தலை 92 செ.மீ. தலை சுவரின் விளிம்பிலிருந்து 35 செ.மீ. பின்னால் இருக்கிறது. தரையில் நிற்கும் எதிரியின் துப்பாக்கி முனை 140 செ.மீ. உயரத்தில். விளிம்பை உரசிவரும் தோட்டா, விளிம்புக்குப் பின் அந்த 35 செ.மீ.யைக் கடப்பதற்குள் எவ்வளவு இறங்குகிறது என்பதே கேள்வி. எதிரி 6 மீட்டரில் நின்றால் இறக்கம் 35 × 40 ÷ 600, அதாவது 2.3 செ.மீ. தோட்டா 97.7 செ.மீ. உயரத்தில் போகிறது, தலை 92-இல் இருக்கிறது. ஆபத்தில்லை. தரையில் நிற்பவன் தலையை அடிக்க 175 செ.மீ.க்குள் வந்தாக வேண்டும்.

மேடையில் நிற்பவன் கதை வேறு. மேடை 260, துப்பாக்கி 140, ஆக முனை 400 செ.மீ. உயரத்தில். விளிம்பைவிட 300 செ.மீ. மேலே. அவனும் 6 மீட்டரில் நின்றால் இறக்கம் 17.5 செ.மீ. தோட்டா 82.5-இல் வருகிறது, தலையில் ஒன்பதரை செ.மீ. வெளியே தெரிகிறது. 13 மீட்டருக்கு அப்பால் போனால்தான் தலை மறைகிறது.

இதுவரைக்கும் கூட நியாயம் சொல்லலாம்: மேலே இருப்பவனுக்குத் தெரிகிறது, அடிக்கிறான். ஆனால் பதிவில் 20, 30 மீட்டரிலிருந்தும் தலையடிகள் இருந்தன. அனிமேஷன் பத்தியைப் பார்த்ததும் காரணம் தெரிந்தது. பாத்திரம் சும்மா உட்கார்ந்திருந்தால் சில நொடிகளுக்கு ஒருமுறை தலையைத் தூக்கிச் சுற்றும் பார்க்கும். உயிரோட்டத்துக்காக அனிமேட்டர் அழகாகச் செய்திருந்த அசைவு அது. அப்போது உச்சந்தலை 6 செ.மீ. உயர்ந்து 98-க்கு வரும். சுவருக்கும் தலைக்கும் இடைவெளி 8 செ.மீ.யிலிருந்து 2 செ.மீ.யாகக் குறைந்துவிடும். அதே கணக்கைப் போட்டால், மேடையில் நிற்பவன் 52 மீட்டரிலிருந்தும், தரையில் நிற்பவன் 7 மீட்டரிலிருந்தும் தலையை அடிக்கலாம். எங்கள் முற்றமே அவ்வளவு நீளமில்லை. மேடையில் யார் ஏறினாலும், ஆட்டக்காரர் எதையும் தொடாமல் இருக்கும் நேரத்தில், பாத்திரம் தானாகத் தலையைத் தூக்கித் தோட்டாவை வாங்கிக்கொண்டிருந்தது.

ஆட்டக்காரர் செய்யாத ஒரு செயலுக்கு அவருக்குத் தண்டனை. "எங்கேருந்து அடிக்கிறான்" என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லாததில் வியப்பில்லை.

முதல் முடிவும் அது கெடுத்ததும்

நாள் குறைவாக இருந்ததால் சுருக்கமான வழியை எடுத்தோம். கவர் நிலையில் இருந்தால், சுவர் பார்க்கும் பக்கத்தின் அரைவட்டத்திலிருந்து, அதாவது இடமும் வலமும் 90 பாகைக்குள், எங்கிருந்து வரும் தோட்டாவும் சேதம் செய்யாது என்று சேதக் கணக்கில் ஒரு வரி சேர்த்தோம். தலை தெரிந்தாலும் தோள் தெரிந்தாலும் கவலையில்லை. அந்த வரியை எழுதும்போது நானும் ஒத்துக்கொண்டேன்.

அடுத்த சோதனையில் முதல் புகார் அடியோடு மறைந்தது. ஆனால் சண்டையே செத்துப்போனது. எல்லாத் தடுப்புகளும் அந்தக் கிழக்கு மூலைபோல ஆகிவிட்டன. எதிரிகள் எதிரே நின்று சுட்டுக்கொண்டே இருந்தார்கள், ஒருவன்கூட நகரவில்லை.

ஏன் நகரவில்லை என்று பார்த்தபோதுதான் இரண்டு புகார்களுக்கும் வேர் ஒன்று என்பது புலப்பட்டது. எதிரி இடம் மாறவேண்டுமா என்று முடிவெடுப்பது அவனுடைய பார்வைச் சோதனை. அவன் கண்ணிலிருந்து ஆட்டக்காரரின் தலை, மார்பு, இடுப்பு ஆகிய மூன்று இடங்களுக்குக் கதிர் போகும். ஒன்று பட்டாலும் "தெரிகிறது, சுடலாம்" என்பதே அவன் முடிவு. தலை அவ்வப்போது தெரிந்துகொண்டே இருந்தது. ஆகவே அவன் கணக்கில் அவன் நல்ல இடத்தில் நிற்கிறான், சுடுகிறான், எதற்காக நகர வேண்டும்? சேதக் கணக்கோ அவன் தோட்டாக்களை ஒவ்வொன்றாகக் குப்பையில் போட்டது. ஒரே கேள்விக்கு ஆட்டத்தின் இரண்டு பகுதிகள் இரண்டு பதில் சொல்லிக்கொண்டிருந்தன. கிழக்கு மூலையிலும் முன்பே இதுதான் நடந்திருக்கிறது. அங்கே கன்டெய்னரின் மடிப்புகளுக்கு இடையில் இடுப்பு தெரிந்தது, ஆனால் தோட்டா மோதலுக்கான பெட்டி வடிவம் அந்த மடிப்பை மூடியிருந்தது. பார்வைக் கதிர் கண்ணுக்குத் தெரியும் வடிவத்தையும் தோட்டா எளிமைப்படுத்திய பெட்டியையும் பார்த்துக்கொண்டிருந்தன.

ஒரே கேள்வி, ஒரே இடத்தில் பதில்

இந்தக் கட்டத்தில் நின்று யோசித்தோம். "இந்த இடத்திலிருந்து சுட்டால் ஆட்டக்காரருக்குப் பாதுகாப்பு உண்டா?" என்ற கேள்வியை ஆட்டத்தில் கேட்பவர்கள் மூவர்: சேதத்தைக் கணக்கிடும் பகுதி, எதிரியின் மூளை, லெவலைச் சரிபார்க்கும் நாங்கள். மூவரும் ஒரே செயற்கூறிடம் கேட்க வேண்டும் என்று தீர்மானித்தோம். அதன் சுருக்கம் இது:

```cpp
bool IsProtected(const FCoverSlot& S, const FVector& Muzzle)
{
    const FVector D = Muzzle - S.EdgePoint;
    const float Yaw   = SignedYaw(S.Normal, D);
    const float Pitch = PitchDeg(D);
    return Yaw > -S.LeftLimit && Yaw < S.RightLimit
        && Pitch < S.PitchLimit;
}
```

எல்லைகளை வடிவவியலிலிருந்தே எடுத்தோம், ஆனால் ஆட்டக்காரரின் நம்பிக்கைக்குச் சாதகமாக. இரண்டு மீட்டர் சுவரின் நடுவில் உட்கார்ந்திருந்தால், தோளின் அகலத்தைக் கழித்து, சுவரின் முனை அவருக்கு 65 பாகையில் விழுகிறது. பக்க எல்லையை 60 என்று வைத்தோம். முனையிலிருந்து 40 செ.மீ.யில் இருந்தால் உண்மையான கோணம் வெறும் 23 பாகை. அவ்வளவு குறுகலாக வைத்தால் தோளடிப் புகார் தொடரும். ஆகவே முனைப்பக்கத்தில் குறைந்தபட்சம் 35 என்று நிறுத்தினோம். இடதுக்கும் வலதுக்கும் தனித்தனி எல்லை வைத்தது இதனால்தான்.

மேல் எல்லை 20 பாகை. மேடையில் நிற்பவன் ஏறக்குறைய 8 மீட்டருக்குள் வந்தால் இந்தக் கோணத்தைத் தாண்டுவான். அந்தத் தொலைவில் கேமராவை நிமிர்த்தினால் அவன் தலைக்கு மேலே நிற்பது ஆட்டக்காரருக்கே தெரியும். சுவர் தன்னைக் காக்காது என்பதை அவரே உணரும் இடம் அது. 13 மீட்டரா, 52 மீட்டரா என்ற பழைய கேள்விக்கு இதுவே எங்கள் விடை: கோட்டைத் தோட்டா எங்கே வரைகிறது என்பதைவிட ஆட்டக்காரர் எங்கே வரைவார் என்று கேட்டோம்.

பாதுகாப்பு உண்டு என்று பதில் வந்தும் தோட்டா தலையை நோக்கிப் போனால், அதைச் சுவரின் விளிம்புக்குத் திருப்பிவிட்டோம். கான்கிரீட் தூள் பறக்கும், சத்தம் வரும், சேதம் இராது. பாதுகாப்பு இல்லை என்று பதில் வந்து நடுவில் வேறொரு பொருள் மறைத்தால் அந்தப் பொருள் தோட்டாவை வாங்கிக்கொள்ளும். ஆகவே எதிரி ஓரிடத்தை நல்ல இடம் என்று ஏற்க இரண்டு நிபந்தனைகள் வைத்தோம்: பாதுகாப்பு இல்லை என்ற பதில் வேண்டும், மார்புக்குத் தோட்டா வழியில் தடையின்றிக் கதிர் போகவும் வேண்டும். கதிர் இனி தோட்டாவுக்குரிய மோதல் வடிவத்தையே பார்த்தது. கன்டெய்னர் மடிப்புப் பிழை அத்தோடு தீர்ந்தது.

எட்டிப் பார்க்கும் நேரத்தையும் சொல்லிவிடுகிறேன். வெளியே வரும் அனிமேஷன் 0.4 நொடி. முன்பு பொத்தானை அழுத்திய கணத்தில் பாதுகாப்பு போய்விடும், திரும்பும்போது அனிமேஷன் முடிந்தபின்தான் வரும். இதைத் தலைகீழாக்கினோம். வெளியேறும்போது தோள் விளிம்பைத் தாண்டும் சட்டகத்தில்தான் பாதுகாப்பு போகும், திரும்பும்போது பொத்தானை விட்ட உடனே வரும். மூன்றாவது வகை அடிகள் இதில் ஏறத்தாழ ஒழிந்தன.

வெளியே கிளப்புதல்

இப்போது எதிரிக்கு உண்மை தெரியும். எதிரே நின்று சுட்டால் பயனில்லை என்பது அவனுக்கே புரிந்தது. இனி என்ன செய்வான் என்பதே அடுத்த வேலை.

2005-இல் வந்த எஃப்.இ.ஏ.ஆர். விளையாட்டின் எதிரிகளைப் பற்றி அதன் ப்ரோக்ராமர் ஜெஃப் ஆர்கின் எழுதியதை எங்களில் இருவர் படித்திருந்தோம். அந்த எதிரிகள் சூழ்ந்து வளைப்பதாக ஆட்டக்காரர்கள் புகழ்ந்தார்கள். உள்ளே இருந்ததோ எளிய விதிகள். நிற்கும் இடம் பயன்படாமல் போனால் வேறு கவருக்கு ஓடுவார்கள், ஓடும்போது ஒருவருக்கொருவர் உரக்கப் பேசுவார்கள். லெவலின் அமைப்பே அந்த ஓட்டத்தைச் சுற்றிவளைப்பாக்கியது. 2004-இன் கில்ஸோனில் ஒவ்வொரு எதிரியும் தன்னைச் சுற்றியுள்ள புள்ளிகளுக்கு மதிப்பெண் போட்டு நல்லதைத் தேர்ந்தெடுத்தான். இரண்டாவது வழியை நாங்கள் எடுத்துக்கொண்டோம். முதலாவதிலிருந்து பேச்சை எடுத்துக்கொண்டோம்.

இரண்டு நொடிக்கு மேல் பாதுகாப்பு உண்டு என்ற பதிலே வந்தால் எதிரி வீழ்த்தும் எண்ணத்தைக் கைவிடுவான். ஒருவன் அங்கேயே நின்று விளிம்பைச் சுட்டுத் தலையைத் தூக்கவிடாமல் அடக்குவான். இன்னொருவன் ஆட்டக்காரரைச் சுற்றி 8 முதல் 14 மீட்டர் வளையத்தில் இரண்டு மீட்டருக்கு ஒன்றாகப் பரப்பிய புள்ளிகளைச் சோதிப்பான். அன்ரியலின் இடத்தேர்வு வினவலில் `EnvQueryTest_Protected` என்று ஒரு சோதனையை நாங்களே எழுதிச் சேர்த்தோம். உள்ளே அது கேட்பது அதே `IsProtected`-ஐத்தான். பாதுகாப்பு இல்லாத புள்ளிகளில் நடைவழி குறைவானது எதுவோ அங்கே போவான்.

முதல் ஓட்டத்தில் இது கொடுமையாக வேலை செய்தது. நான்கு எதிரிகளும் ஒரே நேரத்தில் சுற்றப் புறப்பட்டார்கள். எதிரே ஆளே இல்லாமல் போய்விடும், ஐந்து நொடி கழித்து முதுகில் குண்டு விழும். நடைவழி குறைவு என்பதோடு மறைந்து வருவதற்கும் மதிப்பெண் கொடுத்திருந்தேன். புத்திசாலித்தனம் என்று நினைத்துச் செய்தது. ஒரு சோதனையாளர், "எதிரி கெட்டிக்காரனா இருக்கட்டுங்க, ஆனா நான் எதைப் பாத்திருந்தா தப்பிச்சிருப்பேன்னு சொல்லுங்க" என்றார். என்னிடம் பதில் இல்லை.

மூன்று மாற்றங்கள் செய்தோம். சுற்றிவரும் உரிமை ஒரு நேரத்தில் ஒருவனுக்கு மட்டும். அவன் வீழ்ந்தாலோ சேர்ந்தாலோதான் அடுத்தவனுக்கு. இரண்டாவதாக, மதிப்பெண்ணைத் திருப்பினோம். வழியில் ஒரு நொடியாவது ஆட்டக்காரரின் திரைக்குள் தெரியும் பாதைக்கே முதலிடம். மூன்றாவதாக, புறப்படும்போது "இடது பக்கம் போறேன்!" என்று கத்துவான், இடம் சேர்ந்தபின் 0.8 நொடி கழித்தே சுடுவான். இந்த மூன்றுக்கும் பிறகு ஆட்டக்காரர்கள் நாங்கள் எண்ணியிராத ஒன்றைச் செய்தார்கள். குரலைக் கேட்டதும் அடக்கும் தோட்டாவுக்கு நடுவே எட்டிப் பார்த்து, ஓடுபவனை வீழ்த்த முயன்றார்கள். சுற்றிவளைப்பே அவர்களை வெளியே இழுத்துவிட்டது. இதை நான் பெரிதும் மதிக்கிறேன்.

க்ரெனேட்

க்ரெனேட்டில்தான் நாங்கள் அதிகம் தடுமாறினோம். எட்டு நொடிக்கு மேல் ஓரிடத்தில் இருந்தால் காலடியில் ஒன்று வந்து விழும். திரி 3 நொடி, பாதிப்பு 5 மீட்டர். எழுந்து ஓடுபவரை அடக்குபவன் சுட்டுவிடுவான், உட்கார்ந்திருப்பவர் வெடிப்பில் இறப்பார். எந்தப் பக்கமும் வழியில்லாத தண்டனை அது.

நேரத்தைக் கூட்டிப் பார்த்தோம். பார்த்துச் சுதாரிக்க 0.8 நொடி, சுவரை விட்டு எழ 0.4. மூன்றில் மிஞ்சுவது 1.8 நொடி. பாத்திரம் நொடிக்கு 5 மீட்டர் ஓடும், ஆக 9 மீட்டர். வெடிப்புக்கு அப்பால் 5 மீட்டருக்கு மேலும், ஓடிச் சேர 9 மீட்டருக்குள்ளும் இன்னொரு கவர் இருக்க வேண்டும். அடக்குபவன் நிற்கும் இடத்திலிருந்து அந்தக் கவருக்குப் பாதுகாப்பு உண்டு என்று `IsProtected` சொல்லவும் வேண்டும். அப்படி ஒன்று இருந்தால் மட்டுமே வீசலாம் என்று விதி வைத்தோம். விழும் இடத்தையும் காலடியிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி, அந்தப் புதுக் கவருக்கு எதிர்த்திசையில் வைத்தோம். ஓட வேண்டிய பக்கத்தை க்ரெனேட்டே காட்டிக்கொடுக்கும். அவர் ஓடி முடிக்கும்வரை அடக்குபவன் பழைய விளிம்பையே சுடுவான். அதன்பின் க்ரெனேட்டால் யாரும் எளிதில் சாகவில்லை, ஆனால் யாரும் உட்கார்ந்த இடத்தில் இருக்கவும் இல்லை.

அசையாத மூலை

கிழக்கு மூலை இன்னும் மிஞ்சியிருந்தது. அங்கே எதிரி நகர நினைத்தான், ஆனால் போக இடமில்லை. வளையத்தில் பாதுகாப்பு இல்லாத புள்ளிகள் எல்லாமே கன்டெய்னருக்குப் பின்னால், நடக்க முடியாத இடத்தில் இருந்தன.

லெவல் டிசைனர் கேட்டார்: இதை ஆடிப் பார்க்காமலே தெரிந்துகொள்ள முடியாதா என்று. முடிந்தது. லெவலில் உள்ள ஒவ்வொரு கவர் இடத்துக்கும் அதே வளையச் சோதனையை எடிட்டரிலேயே ஓட்டி, எதிரி நடந்து சேரக்கூடிய, பாதுகாப்பு இல்லாத புள்ளிகள் எத்தனை என்று எண்ணவைத்தோம். எண்ணிக்கை பூஜ்யமாக வந்தவை சிவப்பில் தெரிந்தன. கிழக்கு மூலையைத் தவிர இன்னும் நான்கு இடங்கள் சிவந்தன. அவற்றில் மூன்றில் சோதனையாளர்கள் யாரும் அதுவரை உட்கார்ந்ததே இல்லை.

கிழக்கு மூலையில் ஒரு கன்டெய்னரின் கதவைத் திறந்து உள்வழி விட்டார் டிசைனர். மற்ற மூன்றில் தடுப்பை நகர்த்தினார். ஐந்தாவதைத் தெரிந்தே விட்டுவைத்தோம். அங்கே சுற்றிவர வழியில்லை, க்ரெனேட்டுக்கு உண்டு.

பின்பு நடந்தது

"எங்கேருந்து அடிக்கிறான்" என்ற கேள்வி அடுத்த சோதனைகளில் அரிதாயிற்று. அடிபட்டவர்கள் பெரும்பாலும் தாங்களே காரணம் சொன்னார்கள்: மேலே ஏறிவிட்டான், இடது பக்கம் வந்துவிட்டான் என்று.

புதிதாக ஒரு குறை முளைத்தது. மேடையில் நடக்கும் எதிரி 20 பாகை எல்லையின் இருபுறமும் மாறி மாறிப் போகும்போது, குறிவைப்பதா அடக்குவதா என்று அரை நொடிக்கு ஒருமுறை மனம் மாறித் துடித்தான். அவன் முடிவுக்கு மட்டும் இரட்டை எல்லை வைத்தோம். குறிவைக்கத் தொடங்க 20 பாகை தாண்ட வேண்டும், கைவிட 17-க்குக் கீழே இறங்க வேண்டும். சேதக் கணக்கு 20-ஐ விட்டு நகரவில்லை. ஒரே செயற்கூறு என்ற எங்கள் தீர்மானத்தில் ஒட்டுப்போட்ட இடம் இது ஒன்றுதான்.

விலையும் கொடுத்தோம். எல்லைக் கோணங்களை லெவல் கட்டும்போதே கணக்கிட்டுச் சேமித்துவிட்டதால், உடையும் மரப்பெட்டிகளைக் கவராக வைக்க முடியவில்லை. பெட்டி பாதி உடைந்தபின்னும் பழைய கோணமே பாதுகாப்புத் தந்தது. அவற்றை உடையாதவையாக மாற்றினோம். டிசைனருக்கு அது இன்றுவரை வருத்தம்தான், அது நியாயமும்கூட.

மறுபடி செய்தால் மாற்றுவது

அடிப் பதிவை முதல் வாரத்திலேயே எழுதுவோம். அதை எழுத ஒரு பிற்பகல் போதுமாயிருந்தது. அது இல்லாமல் கழிந்தவை இரண்டு வாரங்கள்.

எல்லைக் கோணங்களை ஆட்டம் ஓடும்போதே, கவரில் ஒட்டும் கணத்தில் சில கதிர்களைக்கொண்டு கணக்கிடுவோம். உடையும் கவர் அப்போது மீண்டும் சாத்தியமாகும்.

மூன்றாவது, சுவரின் உயரம். அது ஏன் 100 செ.மீ. என்று யாரும் கேட்டிருக்கவில்லை. தாவிக் கடக்கும் அனிமேஷன் அந்த உயரத்துக்குச் செய்யப்பட்டிருந்தது, அவ்வளவுதான். 110 என்று வைத்திருந்தால், தலையைத் தூக்கிப் பார்க்கும் நேரத்திலும் இடைவெளி 12 செ.மீ. இருந்திருக்கும். மேடையில் நிற்பவன் 8.5 மீட்டருக்குள் வந்தால்தான் தலை தெரியும். நாங்கள் கோணத்தால் வைத்த எல்லையும் ஏறக்குறைய அங்கேதான் விழுகிறது. கண்ணும் தோட்டாவும் விதியும் தாமாகவே ஒத்துப்போயிருக்கும், விளிம்புக்குத் திருப்பிவிட வேண்டிய தோட்டாக்களும் மிகச் சிலவாகவே இருந்திருக்கும். கை பதியும் இடத்தை மாற்ற இரண்டு நாள் ஆகும் என்று அனிமேட்டர் சொன்னார். அடுத்த லெவலின் தடுப்புகள் எல்லாம் 110-இல் நிற்கின்றன.